பனங்கட்டியின் உண்மைத்தன்மையும் கூட்டுறவு விற்பனை நிலையமும்

யாழ்ப்பாணத்துப் பனம்பொருள்களுள் பனங்கட்டி கலப்படத்துக்கு உள்ளாவதுண்டு. 1978ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களிலும், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளிலும் விற்கப்படும் பனங்கட்டி, சந்தையில் விற்கப்படுவதைக் காட்டிலும் விலை கூடியது எனக் கருதுவோர் உளர். இவ்விலை வேறுபாட்டின் காரணத்தை உணர்வதற்குப் பனங்கட்டி ஆக்கப்படும் முறையை முதலில் நோக்குதல் வேண்டும்.

பனம்பாளையைச் சீவி இறக்கப்படும் சாறு இயல்பாக விரைவிற் புளித்துக் கள்ளாகிவிடும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவதனால் இப்புளிப்புத் தடுக்கப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கின்றது. அதனை வடித்து, மிகுதியான சுண்ணாம்பை அடையவிட்டு நீக்கி, அகன்ற பாத்திரத்திற் காய்ச்சுவர். பாகின் ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் அது கரையாது உருண்டு திரளுமாயின், பதம் வந்துவிட்டது என்பர். பின்னர் அது பனையோலைக் குட்டான்களில் வார்க்கப்படும்.

கருப்பநீரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதற் பன்னிரண்டு பங்கு வெல்லம் உண்டு. எஞ்சியதிற் பெரும்பகுதி நீரே. எனவே ஒரு கிலோகிராம் பனங்கட்டிக்கு எட்டு முதற் பத்து லீற்றர் வரையிலான கருப்பநீர் தேவைப்படும். அந்நீர் முழுவதையும் ஆவியாக்குவதற்கான விறகும், பல மணி நேர உழைப்பும் இதனோடு சேரும். சீவல் தொழிலாளரோ நாள்தோறும் மரமேறிப் பாளை சீவுதல் வேண்டும்.

இனி ஒரு கணக்கை நோக்குவோம். எண்பது லீற்றர் கருப்பநீரைக் காய்ச்சி ஒன்பது கிலோகிராம் பனங்கட்டி பெறும் ஒருவர், அதே பாகில் ஒன்பது கிலோகிராம் சீனியைச் சேர்ப்பாராயின், ஏறத்தாழ இரு மடங்கு கட்டி பெறுவார். கருப்பநீரின் செலவு ஒரு கிலோகிராமுக்குப் பாதியாகக் குறையும். விறகுச் செலவு பெரிதும் கூடாது. சந்தை விலை தாழ்வதற்கு இதுவே எளிய வழியாகும். இதனால் இழப்பு நுகர்வோருக்கு மட்டுமன்று. அதே அளவு கட்டிக்கு முன்னர் வேண்டியிருந்த கருப்பநீரிற் பாதி தேவையற்றதாகிவிடுவதால், மரமேறுபவரின் வருமானமும் சுருங்குகின்றது.

இக்கலப்படத்தைக் கண்ணாலும் நாவாலும் உறுதியாக அறிதல் அரிது. கருப்பநீரிலுள்ள இனிப்பின் பெரும்பகுதி சுக்குரோசு. கரும்புச் சீனியும் சுக்குரோசே. ஆகவே எளிய இரசாயனச் சோதனை இரண்டையும் வேறுபடுத்தாது. மிகவும் வெளிறிய நிறமும், உடைத்த முகத்தில் மின்னும் பளிங்குகளும் ஐயத்தை எழுப்பலாம். ஆயினும் பாகு காய்ந்த அளவும் சேமித்து வைத்த காலமும் கலப்பில்லாத கட்டியிலும் இத்தகைய மாற்றங்களை விளைவிக்கும். நீரிற் கரைத்துப் பார்த்தல் மண்ணையும் தூசியையும் காட்டுமேயன்றிச் சீனியைக் காட்டாது.

ஆய்வுகூடத்தில் ஒரு வழி உண்டு. கரும்பும் பனையும் காபனீரொட்சைட்டை உள்வாங்கும் முறையில் வேறுபடுவன. அதனாற் கரும்புச் சீனியிற் காபன் 13 என்னும் பாரமான சமதானியின் விகிதம் பனஞ்சீனியிலும் சற்று அதிகமாகும். இவ்விகிதத்தை அளந்து கரும்புச் சீனியின் கலப்பை அறியலாம். ஆனால் பீற்றுக்கிழங்குச் சீனி பனையை ஒத்த விகிதமுடையதாதலால் இச்சோதனைக்கு அகப்படாது. மேலும், இதற்கு வேண்டிய கருவி கடை மேசையில் வைக்கத்தக்கதன்று.

பொருளைக் கொண்டு பொருளை அறிய இயலாதவிடத்து, அது வந்த வழியைக் கொண்டே அறிதல் வேண்டும். கூட்டுறவு நிலையத்தின் சிறப்பு இங்கேயே உள்ளது. சங்கம் தன் உறுப்பினரிடமிருந்து கருப்பநீரை அளந்து வாங்கிக் கணக்கெழுதித் தானே காய்ச்சுமாயின், பெற்ற லீற்றருக்கும் விற்ற கிலோகிராமுக்கும் உள்ள தொடர்பைச் சரிபார்க்கலாம். எண்பது லீற்றர் பதியப்பட்ட நாளிற் பதினெட்டுக் கிலோகிராம் கட்டி வெளிவந்திருப்பின் கணக்கே குற்றத்தைக் காட்டிவிடும்.

ஆயினும் பெயர்ப்பலகை மட்டும் சான்றாகாது. தனியாரிடம் ஆக்கிய கட்டியாகவே வாங்கி விற்கும் கூட்டுறவுக் கடையில் மேற்கூறிய கணக்கு அறுந்துவிடுகின்றது. ஆதலால் வாங்குவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும்: எச்சங்கம் காய்ச்சியது? எம்மாதத்திற் காய்ச்சியது? அப்பருவத்தில் ஒரு லீற்றர் கருப்பநீருக்கு உறுப்பினர் பெற்ற விலை யாது? சீவும் பருவம் கழிந்து நெடுநாட்களான பின்னர் ‘நேற்றுக் காய்ச்சியது’ எனப் பெருந்தொகையாகக் கிடைப்பது ஐயத்திற்குரியது. மூன்றாம் வினாவின் விடையை ஒன்பதாற் பெருக்கி வரும் தொகைக்குக் கீழாக ஒரு கிலோகிராம் பனங்கட்டி விற்கப்படுமாயின், விறகுக்கும் கூலிக்கும் அங்கு இடமில்லை. அவ்விலையில் விற்கப்படுவது பெரும்பாலும் சீனி கலந்த கட்டியாகவோ, மரமேறியவருக்கு உரிய விலை கொடுக்கப்படாத கட்டியாகவோ இருக்கும்.