வெள்ளை ப்ளக்கில் எத்தனை ஒயர்?

நண்பர் ஒருவர் தன் பழைய ரேடியோ விமானத்தின் லித்தியம் பாலிமர் பேட்டரியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒட்டியிருந்த லேபிள் கிழிந்துபோயிருக்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. இது முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியா, காலியான பேட்டரியா?

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. இந்த வகை செல் ஒன்று நிரம்பினால் 4.2 வோல்ட், தீரும் நிலையில் 3 வோல்ட்டை ஒட்டி நிற்கும். டார்ச் லைட்டில் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவதுபோலத்தான் உள்ளே செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். மூன்று செல் நிரம்பியிருந்தால் 12.6. நான்கு செல் ஏறக்குறைய தீர்ந்து, ஒவ்வொன்றும் 3.15-இல் நின்றாலும் அதே 12.6.

விடை பேட்டரியின் ஓரத்தில் தொங்குகிறது. மோட்டாருக்குப் போகும் தடித்த சிவப்பு, கருப்பு ஒயர்களைத் தவிர, மெல்லிய ஒயர்கள் சில சேர்ந்து ஒரு சின்ன வெள்ளை ப்ளக்கில் முடியும். அதுதான் பேலன்ஸ் லீட். முதல் செல்லின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு ஒயர், பிறகு ஒவ்வொரு செல்லின் பாசிட்டிவ் முனையிலிருந்தும் ஒவ்வொரு ஒயர். அதனால் ஒயர்களின் எண்ணிக்கை செல்களைவிட எப்போதும் ஒன்று கூட. மூன்று ஒயர் என்றால் இரண்டு செல், நான்கு என்றால் மூன்று, ஐந்து என்றால் நான்கு. கடையில் 2S, 3S, 4S என்று அச்சிட்டிருப்பது இந்தச் செல் கணக்குதான்.

ப்ளக்கில் இருக்கும் ஓட்டைகளை எண்ணாமல் ஒயர்களை எண்ணுவதே நல்லது. யாராவது ப்ளக்கை மாற்றியிருந்தால் ஓர் ஓட்டை சும்மா கிடக்கலாம். சந்தேகம் தீர, பக்கத்துப் பக்கத்து ஒயர்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு செல்லின் வோல்ட்டைக் காட்டும், எல்லாம் கூடினால் மொத்த வோல்ட் வரும். மீட்டரின் முனை வழுக்கி இரண்டு ஒயர்களையும் ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடத்திலேயே ஷார்ட். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மட்டும் இந்த எண்ணிக்கை சொல்லாது. அது லேபிளில் இருந்த மில்லி ஆம்பியர் கணக்கு.

நம் பேட்டரியில் நான்கு ஒயர். ஆக, மூன்று செல். 12.6 வோல்ட் என்றால் நிரம்பித்தான் இருக்கிறது. அவசரப்பட்டு இதை நான்கு செல் என்று சார்ஜரில் அமைத்திருந்தால் என்ன ஆகும்? சார்ஜர் 16.8 வோல்ட்டை எட்டப் பார்க்கும், அதாவது செல்லுக்கு 5.6. அதற்கு முன்பே பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். பேலன்ஸ் லீட் செருகியிருந்தால் நல்ல சார்ஜர் கணக்கு ஒத்துவராததைக் கண்டு நின்றுவிடும். தடித்த ஒயரை மட்டும் செருகினால் அதற்குச் செல்கள் தனித்தனியாகத் தெரியாது.

செல் எண்ணிக்கையைச் சரியாக அமைத்தாலும் இந்த லீட் வேண்டும். 4.35, 4.15, 4.10 என மூன்று செல்கள் இருந்தாலும் கூட்டினால் 12.6 தான். மொத்தத்தை மட்டும் பார்க்கும் சார்ஜர் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்ளும், முதல் செல் மட்டும் எல்லை தாண்டிச் சூடேறும். பேலன்ஸ் லீட் வழியே பார்க்கிற சார்ஜரோ உயர்ந்து நிற்கும் செல்லிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை வடித்து மற்றவற்றோடு சமப்படுத்தும். மெதுவான வேலை அது. கடைசி நேரத்தில் சார்ஜர் இழுத்துக்கொண்டே போகிறதே என்று பலர் பிடுங்கிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

பொழுதுபோக்கு ஓட்டிகளிடம் பரவலாக இருக்கும் B6 வகை சார்ஜரில் `LiPo BALANCE` முறையைத் தேர்ந்து, `3S` வைத்து, மின்னோட்டத்தை அமைக்க வேண்டும். 2200 மில்லி ஆம்பியர் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும். தொடக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரை இப்படிக் கேட்கும்:

```
R:3SER  S:3SER
CONFIRM(ENTER)
```

R என்பது சார்ஜர் தானே எண்ணிப் பார்த்தது, S என்பது நீங்கள் சொன்னது. இரண்டும் ஒன்றானால்தான் உறுதி செய்ய வேண்டும். கண்ணுக்கு நான்கு ஒயர் தெரிந்தும் R இரண்டு என்று காட்டினால், S-ஐ இரண்டாகக் குறைத்து ஏமாற்றக் கூடாது. ப்ளக் சரியாக உட்காராமல் இருக்கலாம், உள்ளே ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது ஒரு செல் அடியோடு இறங்கியிருக்கலாம். ஜோடி ஜோடியாக அளந்து 3.9, 3.9, 1.2 என்று வந்தால், அந்த மூன்றாவது செல்லோடு பேட்டரியின் காலம் முடிந்தது. அதைச் சார்ஜரில் மறுபடி செருகாதீர்கள்.