அப்பா முகம் எத்தனை பிக்சல்?

"அப்பா, அம்மா ரெண்டு பேர் முகமும் வேணும். ஏ-3 சைஸ். எவ்வளவு ஆகும்?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டால், நல்ல ஓவியரிடமிருந்து ஒரு தொகை மட்டும் பதிலாக வராது. ஒரு பக்கத்துக்கு மின்னஞ்சல் வரும். எப்படிப்பட்ட போட்டோ வேண்டும், முகத்துக்கு என்ன விலை, எத்தனை முறை திருத்தித் தருவார், எதையெல்லாம் திருத்தமாட்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். அவசரத்தில் பலர் விலையை மட்டும் பார்த்துவிட்டு முன்பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். பிறகு வருகிற மனத்தாங்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மின்னஞ்சலிலேயே பதில் இருக்கும்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஓர் ஓவியம் பரிசளிக்க நினைக்கிற அண்ணன், தங்கையை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கேட்பது 'டபிள்யூபிஏபி' என்ற பாணி. இந்தோனேசியாவில் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்துவந்த வேதா அப்துல் ரஷீத் 1990ஐ ஒட்டி உருவாக்கியது இது. வயது ஏறி, கண்பார்வை மங்கி, தோலின் நிறத்தை நுணுக்கமாகக் குழைத்துத் தீட்டுவது அவருக்குச் சிரமமானது. முகத்தை நேர்கோடுகளால் சிறு சிறு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கத் தொடங்கினார். இந்தப் பாணியில் வளைகோடே கிடையாது. தோலின் இயல்பான நிறமும் கிடையாது. நெற்றி மஞ்சளாக இருக்கும், கன்னம் ஊதாவாக இருக்கும். ஆனாலும் பார்த்த உடனே ஆளை அடையாளம் தெரியும்.

அந்த அடையாளம் எங்கிருந்து வருகிறது? வெளிச்சமும் நிழலும் முகத்தில் சந்திக்கிற எல்லைகளிலிருந்து. ஓவியர் அந்த எல்லைகளைத்தான் பட்டைகளாக வெட்டுகிறார். அதனால்தான் மின்னஞ்சலின் முதல் பாதி முழுக்கப் போட்டோவைப் பற்றியே பேசுகிறது.

தங்கை அனுப்புவது உறவினர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சல் அளவில்தான் போய்ச் சேரும். அந்த அகலத்தில் அப்பாவின் முகம் பத்தில் ஒரு பங்கு என்றால், முகத்துக்குக் கிடைப்பது 160 பிக்சல். ஓவியர்கள் வழக்கமாகப் போடும் கணக்கில், ஒரு கண்ணின் அகலம் முகத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது அப்பாவின் ஒரு கண் 32 பிக்சல். இமை எங்கே மடிகிறது, கருவிழி எவ்வளவு தெரிகிறது என்று அதில் எதுவும் பிடிபடாது. தெரியாத இடத்தை ஓவியர் ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். 'ஏதோ அப்பா மாதிரி இருக்கு, ஆனா அப்பா இல்ல' என்ற முணுமுணுப்பு அங்கிருந்துதான் வருகிறது. முகம் மட்டுமே குறைந்தது 600 பிக்சல் அகலம் இருக்க வேண்டும் என்றும், படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அல்லது மின்னஞ்சல் இணைப்பாக அனுப்ப வேண்டும் என்றும் ஓவியர் கேட்பதற்குக் காரணம் இதுதான். டாக்குமென்ட் ஆகப் போகும் படம் சுருங்காது.

அடுத்த நிபந்தனை, செல்ஃபி வேண்டாம் என்பது. கைநீட்டு தூரத்தில் எடுக்கும்போது கேமராவுக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு பெரிதாகவும், காதுகள் சிறிதாகவும் விழும். 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு இதைக் கணக்கிட்டது: 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அடிப்பாகம் ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது, ஐந்தடி தூரத்தில் இந்தக் கோளாறு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. சில போன்களின் முன்பக்கக் கேமரா படத்தை இடவலமாகத் திருப்பியும் சேமிக்கிறது. அம்மாவின் மூக்குத்தியும் தலை வகிடும் பக்கம் மாறிவிடும். பியூட்டி ஃபில்டர் போட்டிருந்தால் கன்னத்து மச்சமும் கண்ணோரச் சுருக்கமும் போயே போய்விடும். அந்த முகத்தைப் பார்த்து வரைந்தால் அம்மாவின் அக்கா மகள் மாதிரி ஒருவர்தான் வருவார்.

மூன்றாவது, ஃபிளாஷ் வேண்டாம். நேர் எதிரிலிருந்து விழும் வெளிச்சம் முகத்தின் நிழலையெல்லாம் அழித்துவிடும். பட்டை வெட்ட எல்லையே கிடைக்காது.

பரிசு விஷயம் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்பதால் அவரை உட்காரவைத்துப் படம் எடுக்க முடியாது. அண்ணன் ஒரு வழி கண்டுபிடிக்கிறார். காலையில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பது வழக்கம். ஆறடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் சற்று ஜூம் வைத்து, "அப்பா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டு அவர் நிமிர்ந்ததும் எடுக்கிறார். ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, மறு கன்னம் நிழலில். இந்தப் பாணிக்கு இதைவிட நல்ல போட்டோ கிடைக்காது. ஒரே குறை, கண்ணாடி போட்டிருக்கிறார். அதுவும் தீர விசாரிக்க வேண்டிய விஷயமே. கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும், படிக்கும் கண்ணாடி பெரிதாகக் காட்டும். கண்ணாடி இல்லாமல் வரைய வேண்டுமென்றால் கண்ணாடி இல்லாத போட்டோவும் சேர்த்துக் கொடுத்தால்தான் கண்ணின் அளவு சரியாக வரும்.

மறைந்தவரின் முகம் என்றால் புதிதாக எடுக்க வழியில்லை. கையில் இருப்பது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும் என்றால் அதைப் போனில் படம் பிடிக்காமல், கடையில் கொடுத்து 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்வது நல்லது. மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் போட்டோ அப்போது ஏறத்தாழ 827க்கு 1,063 பிக்சல் படமாகக் கிடைக்கும். வேலைக்கு அது போதும்.

இனி விலை. ஓவியருக்கு ஓவியர் தொகை மாறும். கணக்கிடும் முறை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: எத்தனை முகம், உடம்பு எதுவரை, பின்னணியில் என்ன. நம் அண்ணன் தங்கைக்கு வந்த கணக்கு இப்படி என்று வைத்துக்கொள்வோம். மார்பளவு முதல் முகம் 1,800 ரூபாய். இரண்டாவது முகம் 1,200. அப்பா படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்தும், அம்மா படத்தில் வலப்பக்கமிருந்தும் விழுகிறது. இருவரையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு சூரியன் அடித்தது போல் இருக்கும். அம்மாவின் நிழல்களை மாற்றி அமைக்க 500. மொத்தம் 3,500. பாதி 1,750 முன்பணம். மீதி, இறுதிக் கோப்பு கைக்கு வருவதற்கு முன்னால். அச்சும் ஃபிரேமும் இதில் சேராது. ஏ-3 அளவு மட்டும் விலையை ஏற்றவில்லை, கவனியுங்கள். இந்தப் பாணிப் படம் வெக்டர் முறையில் வரையப்படுவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. காகிதத்தின் அளவு கூடினால் அச்சகத்தில்தான் காசு கூடும்.

மின்னஞ்சலில் அதிகம் சண்டைக்கு வரும் வரி, "இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம்" என்பது. ஒரு சுற்று என்றால் ஒரு திருத்தம் அல்ல. எல்லோரும் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி ஒருமுறை அனுப்புவதுதான் ஒரு சுற்று. அப்பா மீசையைப் பற்றி அண்ணன் காலையில் ஒன்றும், தங்கை மாலையில் ஒன்றும், சித்தப்பா மறுநாள் ஒன்றும் சொன்னால் மூன்று சுற்று ஓடிவிடும்.

முதல் சுற்று கோட்டு வரைவுக்கு. இந்தக் கட்டத்தில் தாடையைச் சற்று அகலமாக்கச் சொன்னால் சில கோடுகளை நகர்த்தினால் போதும். நிறம் நிரப்பிய பிறகு அதையே கேட்டால், ஒரு பட்டையின் ஓரம்தான் அடுத்த பட்டையின் ஓரம் என்பதால் கழுத்துவரை எல்லாம் குலையும். முகச்சாயல் பற்றிய எல்லாக் குறையையும் வரைவிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஓவியர் வற்புறுத்துவது இதனால்தான். இரண்டாவது சுற்று நிறத்துக்கு.

நம் உதாரணத்தில் வரைவு வருகிறது. அப்பாவின் மீசை போட்டோவில் இருப்பதைவிடத் தடிமனாக இருக்கிறது. இது ஓவியரின் பிழை, சுற்றுக் கணக்கில் வராது. அம்மாவின் மூக்குத்தி இடப்பக்கம் இருக்கிறது. அம்மா போட்டிருப்பதோ வலப்பக்கம். போட்டோவை எடுத்துப் பார்த்தால் அதிலேயே இடப்பக்கம்தான், காரணம் அது திரும்பிப் பதிவான செல்ஃபி. ஓவியர் கொடுத்த படத்தை நம்பி வரைந்தார். எனவே இது முதல் சுற்றில் சேரும். நிறம் நிரப்பி வந்ததும் பின்னணி நீலத்தை மாற்றச் சொல்கிறார்கள், இரண்டாவது சுற்றும் முடிகிறது. அதன்பின் சித்தப்பா பார்த்துவிட்டு, "அறுபதாம் கல்யாணத்துக்குச் சட்டையா? ஜிப்பா போடச் சொல்லுங்க" என்கிறார். இது திருத்தமே அல்ல, புதிய வேலை. ஓவியர் 400 ரூபாய் கேட்கிறார். மொத்தம் 3,900 ஆகிறது. உடை என்ன என்பதை ஆர்டரிலேயே எழுதியிருந்தால் அந்த 400 மிச்சம்.

கடைசிப் பத்தியில் பொதுவாக உரிமை பற்றி ஒரு வரி இருக்கும்: "படத்தின் காப்புரிமை ஓவியருக்கே." இந்தியச் சட்டம் இதில் பலர் நினைப்பதற்கு நேர் மாறாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் காப்புரிமை வரையச் சொன்னவருக்குத்தான். படைத்தவர் தான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி ஓவியரிடமே இருக்கும். அந்த ஒரு வரியை வாசிக்காமல் "ஓகே" என்று பதில் போட்டால், சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்ததாக ஆகலாம். வீட்டில் மாட்டுவதற்கு என்றால் பெரிய வித்தியாசமில்லை. கடைப் பெயர்ப்பலகையிலோ பொருளின் லேபிளிலோ அப்பா முகத்தைப் போடும் எண்ணம் இருந்தால், அதை முன்பே சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுபக்கம், உங்கள் அப்பா முகத்தை ஓவியர் தன் இன்ஸ்டாகிராமில் மாதிரியாகப் போடுவது பிடிக்கவில்லை என்றால், அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்: இந்தப் போட்டோவே போதுமா, ஒரு சுற்று என்றால் என்ன, கோப்பை நான் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம். முதல் கேள்விக்கு "பரவாயில்லை, எதுவானாலும் அனுப்புங்க" என்று சொல்கிறவரைவிட, "இது போதாது, வேறு எடுத்து அனுப்புங்க" என்று திருப்பி அனுப்புகிறவரிடம் வேலையைக் கொடுப்பதே நல்லது.