ஓய்வுக்கு முந்தைய விடுப்பு விண்ணப்பம்

அரசு ஊழியர் ஒருவர் வயது முதிர்வால் ஓய்வு பெறும் நாள் வரை தொடர்ந்து எடுக்கும் விடுப்பே ஓய்வுக்கு முந்தைய விடுப்பு எனப்படுகிறது. இந்திய மத்திய அரசு ஊழியர்களுக்கு இது 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகளில் 38ஆம் விதியின் கீழ் வருகிறது. கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பை 300 நாள்களுக்கு மிகாமலும், அத்துடன் அரைச்சம்பள விடுப்பையும் இதற்குப் பயன்படுத்தலாம். சம்பளமில்லா அசாதாரண விடுப்பைச் சேர்க்க இயலாது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குத் தனி விடுப்பு விதிகள் உள்ளன; இக்கட்டுரை மத்திய அரசு விதிகளை மட்டுமே விளக்குகிறது.

இந்த விடுப்புக்கு ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. விடுப்பு, ஓய்வு பெறும் நாளையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். எனவே விண்ணப்பத்தில் இரண்டு தேதிகளைத் தெளிவாகப் பிரித்து எழுதுவது அவசியம். ஒன்று, ஊழியர் அலுவலகத்தில் கடைசியாக வேலை பார்க்கும் நாள். மற்றொன்று, அவர் பணியிலிருந்து ஓய்வு பெறும் நாள். இடைப்பட்ட காலத்தில் அவர் விடுப்பில் இருக்கும் அரசு ஊழியரே. நடத்தை விதிகள் அப்போதும் அவரைக் கட்டுப்படுத்தும்; முன் அனுமதி இல்லாமல் வேறு வேலையில் சேர முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மதுரையில் உள்ள மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் மேல்நிலை எழுத்தர் 12.8.1965 அன்று பிறந்தவர் என்று கொள்வோம். ஓய்வு வயது 60. பிறந்த நாள் மாதத்தின் நடுவில் வந்தாலும் அந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு என்பதால், அவர் ஓய்வு பெறுவது 31.8.2025. (மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே ஓய்வு பெறுவார்.) அந்த 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வேலை நாள் 29ஆம் தேதி வெள்ளியோடு முடிகிறது என்று நினைத்து, அதுவரை மட்டும் விடுப்பு கேட்பது இங்கே நேரக்கூடிய பிழை. ஞாயிறாக இருந்தாலும் 31ஆம் தேதி வரை கேட்க வேண்டும்.

விடுப்பு தொடங்கும் நாளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். அவருடைய ஆண்டு ஊதிய உயர்வு ஜூலை 1 அன்று வருகிறது. விடுப்பில் இருக்கும்போது வரும் ஊதிய உயர்வைப் பணிக்குத் திரும்பிய நாள் முதலே கையில் பெற முடியும். ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் சென்றவர் திரும்புவதே இல்லை. ஈட்டிய விடுப்புச் சம்பளம் என்பது விடுப்பில் செல்வதற்கு உடனடியாக முன் பெற்ற சம்பளத்துக்குச் சமம். ஆகவே ஜூன் 30ஐக் கடைசி வேலை நாளாகக் கொண்டால் இரண்டு மாதமும் பழைய சம்பளமே கிடைக்கும். ஜூலை 1 அன்று ஒரு நாள் வேலை பார்த்துவிட்டு 2ஆம் தேதி முதல் விடுப்பில் சென்றால், உயர்ந்த சம்பளத்தில் விடுப்புச் சம்பளம் கிடைக்கும். ஒரே ஒரு நாளில் ஏற்படும் வேறுபாடு இது.

அவ்வாறே அவர் 2.7.2025 முதல் 31.8.2025 வரை 61 நாள் கேட்கிறார். ஜூன் முடிவில் அவர் கணக்கில் 281 நாள் ஈட்டிய விடுப்பு இருந்தது. ஜூலையில் வழக்கமாகச் சேரும் 15 நாள் அவருக்குக் கிடைக்காது. ஓய்வு பெறும் அரையாண்டில் முழு மாதம் ஒன்றுக்கு இரண்டரை நாள் என்ற கணக்கில் 5 நாள் மட்டுமே சேரும். ஆக 286 நாள். அரைச்சம்பள விடுப்பு 140 நாள் இருக்கிறது.

இங்கேதான் பணம் சார்ந்த கேள்வி எழுகிறது. பயன்படுத்தாத விடுப்புக்கு ஓய்வின்போது ரொக்கம் கிடைக்கும். ஈட்டிய விடுப்பும் அரைச்சம்பள விடுப்பும் சேர்ந்து அதற்கான உச்சவரம்பு 300 நாள். ஈட்டிய விடுப்பு முழுவதையும் கணக்கிட்ட பிறகு, குறையும் நாள்களை அரைச்சம்பள விடுப்பால் நிரப்பலாம். அந்த நாள்களுக்குத் தொகை ஏறக்குறைய பாதி. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 90,000 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 3,000 ரூபாய்.

விடுப்பே எடுக்காமல் இறுதிவரை வேலை பார்த்தால் 286 நாளுக்கு 8,58,000 ரூபாயும், 14 அரைச்சம்பள நாளுக்கு 21,000 ரூபாயும் ஆக 8,79,000 ரூபாய் பெறுவார். 61 நாள் விடுப்பு எடுத்தால் மீதி 225 நாளுக்கு 6,75,000 ரூபாயும், 75 அரைச்சம்பள நாளுக்கு 1,12,500 ரூபாயும் ஆக 7,87,500 ரூபாய். இரண்டுக்கும் வித்தியாசம் 91,500 ரூபாய். அரைச்சம்பள விடுப்பு கணக்கில் ஒரு நாளும் இல்லாதவருக்கு இதே விடுப்பினால் இழப்பு இரு மடங்காகி 1,83,000 ரூபாய் ஆகும். விடுப்புக் காலச் சம்பளத்துக்கு வருமான வரி உண்டு. அரசு ஊழியர் ஓய்வின்போது பெறும் விடுப்பு ரொக்கத்துக்கு வரி இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மகள் திருமணமோ மருத்துவமோ இருந்தால் இந்த இழப்பு பொருட்டல்ல. வீட்டில் சும்மா இருப்பதற்காக எடுப்பவர் விலையை அறிந்து எடுப்பது நல்லது.

விண்ணப்பத்தின் அடுத்த பகுதி நிலுவைகள். இதில் இரு திசைகள் உண்டு: அலுவலகம் ஊழியருக்குத் தர வேண்டியவை, ஊழியர் அரசுக்குத் தர வேண்டியவை. பலர் முதல் வகையை மட்டும் எழுதுகிறார்கள். ஆனால் பணம் தாமதமாவது பெரும்பாலும் இரண்டாம் வகையால்தான். அரசுக் குடியிருப்பில் வசிப்பவர் உரிமக் கட்டண நிலுவை இல்லை என்ற சான்று பெறாவிட்டால், பணிக்கொடையில் 10 விழுக்காடு வரை நிறுத்திவைக்கப்படலாம். முதல் வகையில் காலக்கெடு முக்கியம். அலுவல் பயணப்படிக் கோரிக்கையைப் பயணம் முடிந்த 60 நாளுக்குள் தர வேண்டும். விடுப்பில் சென்ற பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது காலாவதியாகிவிடும்.

மேற்கண்ட ஊழியரின் கடிதம் இவ்வாறு அமையலாம்:

பொருள்: ஓய்வுக்கு முந்தைய விடுப்பு வழங்கவும் நிலுவைகளை முடிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, நான் 31.8.2025 பிற்பகல் வயது முதிர்வால் ஓய்வு பெற உள்ளேன். 2.7.2025 முதல் 31.8.2025 வரை 61 நாள் ஈட்டிய விடுப்பை ஓய்வுக்கு முந்தைய விடுப்பாக வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். அலுவலகத்தில் எனது கடைசி வேலை நாள் 1.7.2025. அன்று பிற்பகல் கோப்புகளையும் அலுவலகச் சாவியையும் ஒப்படைப்பேன்.

எனக்கு வர வேண்டியவை: மே மாதப் பயணப்படிப் பட்டியல், ஏப்ரல் மாத மருத்துவச் செலவுப் பட்டியல். நான் செலுத்த வேண்டியவை: வீடு கட்டும் முன்பணத்தின் வட்டியில் எஞ்சிய இரண்டு தவணை, இவற்றை ஜூலை, ஆகஸ்ட் மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன். குடியிருப்பு நிலுவையின்மைச் சான்றுக்கு விண்ணப்பித்துள்ளேன். மீதமுள்ள விடுப்புக்கான ரொக்கத்தை ஓய்வின்போது வழங்க வேண்டுகிறேன். விடுப்புக்கால முகவரி கீழே உள்ளது.

இக்கடிதத்துடன் விடுப்புக்கான படிவம் 1ஐயும் நிரப்பித் தர வேண்டும். கடிதம் மட்டும் போதாது. தருவதற்கு முன் பணிப்பதிவேட்டில் உள்ள விடுப்புக் கணக்கை நேரில் சரிபார்ப்பது நல்லது. ஜூலையில் 5 நாளுக்குப் பதில் 15 நாள் தவறுதலாக வரவு வைக்கப்பட்டிருந்தால், அது தணிக்கையில் வெளிப்பட்டு, கொடுத்த ரொக்கம் திரும்பக் கேட்கப்படும்.

விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. அலுவல் தேவை கருதி அதிகாரி மறுக்கலாம். ஆனால் மறுக்கப்பட்டாலும் நாள்கள் வீணாவதில்லை. கணக்கிலேயே நின்று, 300 நாள் வரம்புக்குள் ரொக்கமாகிவிடும். மேற்கண்ட எழுத்தருக்கு அவ்வாறு மறுப்பு வந்தால், அவர் கைக்கு வருவது 8,79,000 ரூபாய்.