போடிமெட்டு ஏறும்போது வாந்தி வருவது பித்தத்தாலா? பள்ளி ஒர்க் ஷீட்டில் இருக்கும் விடை

போடியில் இருந்து மூணாறு போகிறவர்களுக்கு முந்தல் தாண்டியதும் வயிறு லேசாகப் பேச ஆரம்பிக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் இருந்து சுமார் ஆயிரம் மீட்டர் ஏறினால்தான் போடிமெட்டு. நாலாவது, ஐந்தாவது வளைவிலேயே பின் சீட்டில் இருக்கும் ஒரு குழந்தை அமைதியாகிவிடும். ஒருவர் எலுமிச்சம்பழத்தைத் தேடுவார், இன்னொருவர் கேரி பேக்கைத் தேடுவார். எல்லாம் முடிந்த பிறகு முன் சீட்டில் இருந்து தீர்ப்பு வரும்: "மஞ்சளா வந்திருக்கு பாரு, பித்தம். காலையில வெறும் வயித்துல கிளம்பாதன்னு சொன்னேன்ல."

இந்தத் தீர்ப்பு சரியா? விடை நடுநிலைப் பள்ளி அறிவியல் ஒர்க் ஷீட்டிலேயே இருக்கிறது. என்ன, ஒரே தாளில் இல்லை. பாதி செரிமான மண்டலத் தாளில், மீதி நரம்பு மண்டலத் தாளில்.

போட்டோவில் வந்த கேள்வி

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பலருக்கு இது பழக்கமான காட்சிதான். ஊரில் இருக்கும் அக்காவிடம் இருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ வரும். கொஞ்சம் சாய்ந்து, ஓரத்தில் கட்டைவிரல் நிழலோடு. "பாகங்களைக் குறிக்கவும், பணிகளை எழுதவும்." கீழே ஒரு வாய்ஸ் நோட்: "சித்தப்பா, நாளைக்குக் குடுக்கணும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

விடை சொல்லும் முன் கவனிக்க வேண்டியது, படம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை. செரிமான மண்டலப் படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அதனால் அவருடைய வலது பக்கம் நமக்கு இடது பக்கம். படத்தின் இடது ஓரத்தில் பெரிய முக்கோணமாகத் தெரிவது கல்லீரல், வலது பக்கம் பை மாதிரி வளைந்திருப்பது இரைப்பை. "கல்லீரல் உடலின் எந்தப் பக்கம் உள்ளது?" என்ற கேள்விக்குப் படத்தை மட்டும் பார்த்து "இடது" என்று எழுதி மார்க்கை விடுகிறவர்கள் நிறைய. சரியான விடை வலது.

மூளைப் படம் வேறு மாதிரி. பெரும்பாலும் பக்கவாட்டில் வெட்டிக் காட்டியிருப்பார்கள். போட்டோ சாய்ந்திருந்தால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே புரியாது. முதலில் மூக்கைத் தேட வேண்டும். மூக்குக்கு எதிர்ப்புறம், பிடரிப் பக்கமாக, காலிஃபிளவர் துண்டு போல இருப்பது சிறுமூளை. அதற்கு முன்னால், தண்டுவடம் தொடங்கும் இடத்தில் தண்டு போலத் தெரிவது முகுளம். இந்த இரண்டுக்கும் அம்புக்குறி அருகருகே வருவதால் மாறிப்போவது சகஜம். நடக்கும்போது தள்ளாடாமல் சமநிலையைப் பார்த்துக்கொள்வது சிறுமூளை. மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குவது, வாந்தி போன்றவற்றைக் கவனிப்பது முகுளம்.

ஆமா, வாந்தியும் மூளைத் தாளில்தான் வருகிறது.

பித்தம் எங்கே இருக்க வேண்டும்?

செரிமானப் படத்தில் பாகங்களைப் பெயரிட எளிய வழி, ஒரு வாய் இட்லியின் பின்னாலேயே போவது. வாய், பிறகு சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழல், பிறகு இரைப்பை. அங்கே அமிலத்தோடு கடையப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குப் போகும். சுமார் ஆறு மீட்டர் சிறுகுடலைத் தாண்டினால் பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய்.

கல்லீரல், பித்தப்பை, கணையம் மூன்றும் இந்தப் பாதையில் இல்லை. இட்லி அவற்றுக்குள் போவதே இல்லை. அவை பாதையின் ஓரத்தில் இருந்துகொண்டு சாறு மட்டும் அனுப்புகின்றன. ஒர்க் ஷீட்டில் அடிக்கடி தப்பாகும் கேள்வி இங்கேதான் வரும்: "பித்தநீரைச் சுரப்பது எது?" பேரைப் பார்த்து "பித்தப்பை" என்று எழுதத் தோன்றும். சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கி, நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கிச் சேமித்து வைக்கும் சின்னப் பை. கொழுப்பு உள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் அந்தப் பை சுருங்கிப் பித்தநீரை அனுப்பும்.

அது போய்ச் சேரும் இடத்தைக் கவனியுங்கள். பித்த நாளம் திறப்பது சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலில். அதாவது இரைப்பையைத் தாண்டிய பிறகு. இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் நடுவில் கதவு மாதிரி ஒரு சுருக்குத் தசையும் உண்டு. அப்படியானால் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய பித்தநீர், பத்தாவது வளைவில் கேரி பேக்குக்கு எப்படி வந்தது?

வளைவில் நடப்பது என்ன?

வண்டி வளைவில் திரும்புகிறது. உள்காதில் அரைவட்டக் குழல்கள் என்று மூன்று நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது குழல் உடனே நகரும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். டம்ளரைச் சட்டென்று திருப்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் உடனே சுழலாது இல்லையா, அதே கதை. அந்த வித்தியாசத்தை உணர்ந்து காது மூளைக்குத் தகவல் அனுப்பும்: "திரும்பிக்கிட்டு இருக்கோம்."

அதே நொடியில் கண் முன் சீட்டின் முதுகையோ, மொபைல் திரையையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. அது அனுப்பும் தகவல்: "எதுவும் அசையல." இந்த இரண்டும் மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் சந்திக்கும்போது கணக்கு ஒத்துப்போவதில்லை. ஒரு வளைவு என்றால் மூளை சமாளித்துவிடும். இடதும் வலதுமாக 17 தடவை என்றால் கஷ்டம்தான். பயண வாந்திக்கு அறிவியலாளர்கள் இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இந்த முரண்பாடுதான். அது ஏன் வாந்தியில் போய் முடிய வேண்டும்? விஷம் உள்ளே போனாலும் இதே மாதிரி தலைசுற்றும் என்பதால் உடல் தவறாகப் புரிந்துகொள்கிறது என்று ஒரு கருத்து உண்டு. அது இன்னும் நிரூபிக்கப்படாத ஊகம்தான்.

காதின் பங்கு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் காது கேளாத 11 ஆண்களை ஆய்வுகளில் சேர்த்தன. அவர்களில் 10 பேர் சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சலால் உள்காதின் சமநிலை உணர்வையும் இழந்தவர்கள். கொந்தளிக்கும் கடலில் கப்பல் ஆடியபோது ஆய்வாளர்களே வாந்தி எடுத்துச் சுருண்டுவிட, இவர்கள் ஜாலியாகச் சீட்டு விளையாடினார்களாம். ஆக, வயிறு நன்றாக இருந்தாலும் காது தகவல் அனுப்பினால் வாந்தி வரும். காது தகவல் அனுப்பவில்லை என்றால் வராது.

தள்ளுவது யார்?

முகுளம் முடிவெடுத்த பிறகு நடப்பவை ஒரு வரிசையில் நடக்கின்றன. முதலில் வாயில் எச்சில் ஊறும். முகம் வெளுக்கும், வியர்க்கும். "எச்சில் ஊறுது, வண்டிய நிறுத்துங்க" என்று குழந்தை சொன்னால் டிரைவர் உடனே ஓரங்கட்டுவது நல்லது. அதிக நேரம் கிடைக்காது.

அடுத்து வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்கு உத்தரவு போகும். இரைப்பை தளர்ந்துவிடும், கடைவதை நிறுத்திவிடும். அதே சமயம் சிறுகுடலில் ஒரு பலமான அலை தலைகீழாகக் கிளம்பி, முன்சிறுகுடலில் இருப்பதைத் திறந்த கதவு வழியாக இரைப்பைக்குள் தள்ளும். பித்தநீர் மேலே வருவது இந்த இடத்தில்தான்.

கடைசியில் உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒன்றாக இறுகி இரைப்பையை நசுக்கும். மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது வெளியே. "வாந்தியை வெளியே தள்ளும் உறுப்பு எது?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இரைப்பை என்பார்கள். பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜான்டி 1813-லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். ஒரு நாயின் இரைப்பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையைப் பொருத்தி, வாந்தி வரவைக்கும் மருந்தை ரத்தத்தில் செலுத்தினார். உயிரில்லாத அந்தப் பையில் இருந்ததும் வெளியே வந்தது. இன்றைய கண்ணோட்டத்தில் கொடூரமான சோதனை. ஆனால் தள்ளுவது வயிற்றுச் சுவரும் உதரவிதானமும்தான் என்பது அதில் தெளிவானது.

இப்போது முன் சீட்டுத் தீர்ப்புக்குத் திரும்பலாம். மஞ்சளாக வந்தது பித்தநீர் என்பது சரி. பித்தத்தால் வாந்தி வந்தது என்பதுதான் தப்பு. வாந்தியின் ஆரம்ப வேலையாகக் குடல் தலைகீழாகத் தள்ளியதால் பித்தம் வந்தது. சாப்பிட்டிருந்தால் அது சோற்றோடு கலந்து கண்ணுக்குத் தெரிந்திருக்காது. வெறும் வயிறு என்பதால் தனியாக, கசப்பாக, மஞ்சளாகத் தெரிந்தது. இன்னொரு விஷயம்: கைக்குழந்தை எந்தப் பயணமும் இல்லாமல் பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் அதைப் பித்தம் என்று விட்டுவிடக் கூடாது. குடல் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

பிரச்சினை கண்ணும் காதும் சண்டை போடுவதில் இருப்பதால், கண்ணுக்கும் வளைவைக் காட்டுவது உதவும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்ப்பவருக்குக் குறைவாக வருவதும், ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு அநேகமாக வராததும் இதனால்தான். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று டிரைவருக்கு முன்பே தெரியும். தினமும் காலையில் போடியில் இருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறுகிறவர்கள் பலர் அசராமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. திரும்பத் திரும்பப் போகும்போது மூளை பழகிக்கொள்ளும். சுமார் இரண்டு வயதில் இருந்து 12 வயது வரையிலான குழந்தைகளுக்குத்தான் தொல்லை அதிகம். அவர்கள் கையில் மொபைலைக் கொடுத்து உட்கார வைப்பது, இந்தச் சாலையில் கேட்டு வாங்கும் வினை.

பயண வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் முந்தலில் போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. அது வேலை செய்யும் இடம் மூளை. அங்கே போக முதலில் சிறுகுடலில் உறிஞ்சப்பட வேண்டும். குமட்டல் தொடங்கியதும் இரைப்பை தளர்ந்துவிடுவதால் மாத்திரை அங்கேயே கிடக்கும், பிறகு வாந்தியோடு வெளியே வரும். கிளம்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, அதாவது போடியில் டீ குடிக்கும்போதே போட்டுவிட வேண்டும். தூக்கம் வரவைக்கும் என்பதால் டிரைவருக்கு ஆகாது. குழந்தைகளுக்கு டாக்டரிடம் அளவு கேட்காமல் கொடுக்கவும் கூடாது.

அக்கா பையனின் இரண்டாவது போட்டோவில் கடைசிக் கேள்வி "முகுளத்தின் பணிகள் இரண்டு எழுதுக" என்று இருந்தால், சுவாசத்தைக் கட்டுப்படுத்துதல் என்பது ஒன்று. இரண்டாவது என்ன என்று போடிமெட்டு ஏறிய பையனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.