‘Accept’ பொத்தானை அழுத்தும் முன்

மொழிபெயர்ப்பு ஏஜென்சிகளின் போர்ட்டலில் வேலைகள் வரிசையாக வந்து விழும். எத்தனை சொற்கள், என்ன துறை, எப்போது கெடு என்று மூன்று வரி இருக்கும். பக்கத்தில் ‘Accept’ என்று ஒரு பொத்தான். அதே அறிவிப்பு இன்னும் பத்துப் பேருக்குப் போயிருக்கும். முதலில் அழுத்துகிறவருக்கே வேலை. அதனால் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் அழுத்திவிடுவது எங்கள் தொழிலில் பலருக்கும் பழக்கம். எனக்கும் இருந்தது. அந்த ஒரு சொடுக்கில் தொகை, கெடு, தாமதமானால் பிடித்தம், பணம் தரும் நாள் என எல்லாவற்றுக்கும் நாம் சம்மதித்ததாக ஆகிவிடுகிறது.

ஒரு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அப்படி ஒரு வேலையை எடுத்தேன். மருந்து ஆய்வில் சேரும் நோயாளிகள் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவம், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. மொத்தம் 6,000 சொற்கள். ஏஜென்சி இருப்பது பெங்களூரில், அவர்களுடைய வாடிக்கையாளர் ஐரோப்பாவில். சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்பதால் 9,000 ரூபாய் என்று மனக்கணக்கு போட்டேன். பர்ச்சேஸ் ஆர்டரைத் திறந்தால் 6,525 என்றிருந்தது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மூலத்தில் அப்படியே திரும்ப வரும் வாக்கியங்களுக்கும், பழைய மொழிபெயர்ப்பு நினைவகத்தில் கிட்டத்தட்ட அதேபோல் இருக்கும் வாக்கியங்களுக்கும் ஏஜென்சிகள் குறைத்துத் தருவது வழக்கம். இந்தக் கோப்பில் 1,000 சொற்கள் திரும்ப வருபவை. அவற்றுக்குப் பத்து சதவீதம். 1,500 சொற்கள் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறவை. அவற்றுக்கு ஐம்பது சதவீதம். புதியவை 3,500. கூட்டினால் 4,350 சொற்களுக்குத்தான் கூலி. ஆனால் பழைய வாக்கியத்தையும் நாம் படித்தாக வேண்டும். மருந்தின் அளவு மாறியிருந்து அதைக் கவனிக்காமல் விட்டால் பழி நம் தலையில்தான். ஆகவே தொகையைக் கூலிச் சொற்களை வைத்தும், நேரத்தை மொத்தச் சொற்களை வைத்தும் கணக்கிட வேண்டும்.

என் வேகம் நாளொன்றுக்கு 2,000 புதிய சொற்கள். வெள்ளி மதியம், சனி, திங்கள் மொழிபெயர்ப்புக்கு. செவ்வாய் முழுக்கச் சரிபார்ப்புக்கு. கெடு செவ்வாய் 17:00 CET. குளிர்காலத்தில் அது நமக்கு இரவு ஒன்பதரை மணி. தாராளமாக நேரம் இருந்தது.

திங்கள் நண்பகலில் பிராஜெக்ட் மேனேஜரிடமிருந்து மின்னஞ்சல்: “மூலத்தில் சின்ன மாற்றம், புதிய கோப்பு இணைத்திருக்கிறேன்.” சின்ன மாற்றம் என்பது 900 புதிய சொற்கள். “சரி மேடம்” என்று பதில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். செவ்வாயில் பாதி அதிலேயே போயிற்று. இரவு 9:05-க்குக் கோப்பை ஏற்றினேன். என் கணக்குப்படி இன்னும் 25 நிமிடம் மிச்சம். போர்ட்டலோ ‘Late’ என்று சிவப்பில் காட்டியது. மார்ச் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள்; அக்டோபர் கடைசி ஞாயிறுவரை அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே எட்டரை. நான் வேலையை எடுத்தது ஒரு நேரத்தில், கெடு விழுந்தது வேறொரு நேரத்தில்.

கோப்பு நன்றாக வந்திருப்பதாக அன்றிரவே பதில் வந்தது. தாமதம் பற்றி ஒரு சொல் இல்லை. நாற்பது நாள் கழித்து என் இன்வாய்ஸில் 20 சதவீதம், அதாவது 1,305 ரூபாய் பிடித்தார்கள். கூடுதலான 900 சொற்களுக்கு உரிய 1,350 ரூபாய் பர்ச்சேஸ் ஆர்டரில் இல்லை என்று மறுத்தார்கள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 55-ஆவது பிரிவை அப்போதுதான் படித்தேன். நேரம் முக்கியம் என்று ஒப்புக்கொண்ட வேலையில் கெடு தவறினால், வேண்டாம் என்று மறுக்க ஏஜென்சிக்கு உரிமை உண்டு. ஆனால் தாமதத்துக்கு இழப்பீடு கேட்கப்போவதாக அந்த நேரத்திலேயே அறிவிக்காமல் வேலையைப் பெற்றுக்கொண்டால், பிறகு அதற்காக இழப்பீடு கேட்க முடியாது. 74-ஆவது பிரிவும் உதவும்: ஒப்பந்தத்தில் 20 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான், நியாயமான அளவுக்குத்தான் இழப்பீடு உண்டு. இரண்டையும் சுட்டி, அன்றிரவு வந்த பாராட்டு மின்னஞ்சலையும் இணைத்து எழுதினேன். 1,305 ரூபாய் திரும்ப வந்தது. 1,350 வரவில்லை. “சரி மேடம்” என்ற என் பதிலில் கூடுதல் தொகையும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை.

அந்தத் திங்களன்று நான் அனுப்பியிருக்க வேண்டிய மின்னஞ்சல் இவ்வளவுதான்: “புதிய கோப்பில் 900 சொற்கள் கூடியுள்ளன. புதன் இந்திய நேரம் பிற்பகல் 2 மணிக்குத் தர முடியும். திருத்திய பர்ச்சேஸ் ஆர்டர் வந்ததும் புதிய பகுதியைத் தொடங்குகிறேன். அதுவரை பழைய பகுதியைத் தொடர்கிறேன்.” இதைத் தொலைபேசியில் சொல்லிப் பயனில்லை. வாட்ஸாப்பில் பேசினாலும் அதையே மின்னஞ்சலிலும் ஒருமுறை போட்டுவிடுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் கெடுவுக்கு முன்பே சொல்லி, முடிந்த பகுதியை அனுப்பிவைப்பது நல்லது. கோப்பை ஏற்றியதும் நேரம் தெரிகிற திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணமே வராவிட்டால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கைகொடுக்கும். வீட்டிலிருந்து தனியாளாக வேலை செய்கிறவரும் ‘உத்யம்’ பதிவு செய்தால் குறு நிறுவனம்தான். ஒப்பந்தத்தில் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. எதுவுமே எழுதாவிட்டால் 15 நாள். வேலையில் குறை இருந்தால் ஒப்படைத்த 15 நாளுக்குள் ஏஜென்சி எழுத்தில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒப்படைத்த நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஏஜென்சி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் திருநெல்வேலியில் இருந்தால் தமிழ்நாட்டிலுள்ள குறு, சிறு நிறுவன வசதியாக்க மன்றத்திலேயே முறையிடலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. சட்டம் சொல்லும் 90 நாளுக்குள் முடியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் முறையிடப்போவதாக ஒரு கடிதம் போனதுமே பணம் வந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

வெளிநாட்டு ஏஜென்சியிடம் இந்தச் சட்டத்தை நீட்டுவதில் பலன் குறைவு. அங்கே காப்பு முன்கூட்டியே விசாரிப்பதுதான். ProZ தளத்தின் Blue Board பகுதியில் மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியதைப் பாருங்கள். முதல் வேலையைச் சிறியதாக எடுங்கள். பெரிய ஏஜென்சியின் பெயரைச் சொல்லி ஜிமெயிலிலிருந்து வேலை வந்தால், அந்த ஏஜென்சியின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

உத்யம் பதிவை வேலை எடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள்; பதிவுக்கு முன் செய்த வேலை இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது நீதிமன்றங்களில் வழக்காடப்பட்ட விஷயம். udyamregistration.gov.in தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் கிடையாது, இந்தப் பதிவுக்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசின் தளம் அல்ல.