உருவப்படம் வரையும் ஓவியரின் முதல் மின்னஞ்சல்

புகைப்படத்தைப் பார்த்துக் கார்ட்டூன் பாணியில் உருவப்படம் வரைந்து தருவது, தனியாகத் தொழில் செய்யும் டிஜிட்டல் ஓவியர்கள் பலருக்கு வருமானம் தரும் வேலை. திருமண அழைப்பிதழ், அறுபதாம் கல்யாணம், குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று ஆர்டர்கள் வருகின்றன. விசாரிப்பவர் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதுவார்: “ரெண்டு பேர் படம், எவ்வளவு ஆகும்?” அதற்கு ஓவியர் அனுப்பும் பதில் மின்னஞ்சலைத் தவிர, இரு தரப்புக்கும் இடையே வேறு எழுத்து ஒப்பந்தம் இருப்பதில்லை. எப்படிப்பட்ட புகைப்படம் வேண்டும், எத்தனை முறை திருத்தித் தரப்படும், எதற்கு எவ்வளவு பணம் என்ற மூன்றையும் அந்த ஒரு கடிதமே தீர்க்க வேண்டும்.

தந்தையின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசளிக்க, பெற்றோர் இருவரும் பழைய வீட்டு வாசலில் நிற்பதுபோல ஒரு படம் வேண்டும் என்று மகள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள ஓவியர் விலையை முதலில் எழுதமாட்டார், புகைப்படத்திலிருந்தே தொடங்குவார். படம் சரியில்லை என்றால் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

கார்ட்டூன்தானே, எந்தப் படமாக இருந்தாலும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. இந்தப் பாணியில் ஒரு முகம் சில கோடுகளிலேயே முடிந்துவிடுகிறது. கண் பெரிதாகும், மூக்கு ஒரு சிறு வளைவாகச் சுருங்கும், தோலின் சுருக்கங்கள் மறையும். எஞ்சி நிற்பவை முகத்தின் வெளிக்கோடு, நெற்றியில் முடி தொடங்கும் இடம், புருவத்தின் வளைவு, சிரிக்கும்போது கன்னம் மேலேறும் விதம் ஆகியவை. சாயலை இவை மட்டுமே தாங்க வேண்டியிருப்பதால், இவற்றில் ஒன்று தவறினாலும் “எல்லாம் நல்லா இருக்கு, ஆனா அப்பா மாதிரி இல்லையே” என்ற பதில் வந்துவிடும்.

ஆகவே மின்னஞ்சலின் முதல் பத்தி இப்படி அமையலாம்: “ஒவ்வொருவருக்கும் நேராகப் பார்க்கும் படம் ஒன்று, சற்றுத் திரும்பியிருக்கும் படம் ஒன்று, இயல்பாகச் சிரிக்கும் படம் ஒன்று அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், நான்கைந்து அடி தள்ளி நின்று வேறொருவர் எடுத்ததாக இருக்கட்டும். ஃபில்டர் வேண்டாம். பெரிதாக்கிப் பார்த்தால் புருவ முடி தெளிவாகத் தெரிய வேண்டும்.”

தூரத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. கைநீட்டும் தொலைவில் எடுக்கும் செல்ஃபியில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு, காது பின்தங்கிவிடுகிறது. 2018-இல் ‘ஜாமா ஃபேஷியல் பிளாஸ்டிக் சர்ஜரி’ என்ற மருத்துவ இதழில் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 5 அடி தொலைவில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. ஓவியர் அந்தச் செல்ஃபியை உண்மையாக நம்பி, பாணிக்காக இன்னும் கொஞ்சம் மிகைப்படுத்தினால் முகம் கைநழுவிப் போகும்.

செல்ஃபியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில போன்கள் முன்கேமரா படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாற்றிச் சேமிக்கின்றன. வகிடு, மச்சம், மூக்குத்தி எல்லாம் பக்கம் மாறிவிடும். புடவை கட்டியிருந்தால் இதைக் கண்டுபிடிப்பது எளிது: வழக்கமாக இடது தோளில் விழும் முந்தானை வலது தோளில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சட்டையிலோ பின்னால் இருக்கும் கடைப்பலகையிலோ எழுத்து இருந்தால் இன்னும் உறுதியாகத் தெரியும். நமது உதாரணத்தில் தாயின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதை ஓவியர் கேட்டே உறுதி செய்துகொள்வது நல்லது. வரைந்து முடித்தபின் கண்டுபிடித்தால் அது சிறிய திருத்தமாக இருக்காது.

படம் எந்த வழியாக வருகிறது என்பதும் முக்கியம். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடுகிறது. HD என்ற தேர்வில் தரம் கூடும். ஆனால் அசல் கோப்பு அப்படியே போய்ச்சேர Document என்று இணைத்து அனுப்ப வேண்டும், அல்லது மின்னஞ்சலில் இணைக்க வேண்டும். சுவரில் மாட்டிய பழைய படத்தைப் போனில் எடுத்து அனுப்புவோர், கண்ணாடிச் சட்டத்திலிருந்து அதை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ட்யூப்லைட்டின் வெளிச்சம் கண்ணின் மேல் விழுந்து, ஓவியருக்குத் தேவையான இடத்தையே அழித்திருக்கும். மறைந்தவர்களின் படம் என்றால் கிடைப்பதை வைத்துத்தான் வரைய முடியும். அப்போது “இந்தப் படத்தில் தெரியாத விவரங்கள் என் ஊகமாக இருக்கும்” என்று ஓவியர் முன்கூட்டியே எழுதிவிடுவது நேர்மை. குடும்பத்தாரின் ஏமாற்றத்தையும் அது குறைக்கும்.

அடுத்தது திருத்தச் சுற்று. ‘இரண்டு திருத்தம் இலவசம்’ என்று மட்டும் எழுதினால் அது எதையும் விளக்காது. எந்தக் கட்டத்தில், எதற்கு என்பதே கேள்வி. டிஜிட்டல் ஓவியம் பொதுவாக மூன்று கட்டமாக வளர்கிறது. முதலில் ரஃப் ஸ்கெட்ச்: யார் எங்கே நிற்கிறார், கை எப்படி இருக்கிறது, முகச்சாயல் வந்திருக்கிறதா என்பது கோடுகளில் தெரியும். இரண்டாவதாகச் சுத்தமான கோடும் அடிப்படை வண்ணமும். மூன்றாவதாக நிழல், ஒளி, புடவைச் சரிகை, பின்னணி விவரங்கள்.

கோடு, தோல், உடை, நிழல் ஆகியவை தனித்தனி லேயர்களில் இருப்பதால் எதையும் எப்போதும் மாற்றலாம் என்ற எண்ணம் வாடிக்கையாளரிடம் உண்டு. சட்டை நிறத்தைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மை. வண்ணக் கட்டத்தில் சில நிமிடங்களில் மாற்றலாம். ஆனால் தலையைச் சற்றுச் சாய்த்தால் கழுத்து மாறும், காலர் மாறும், முகத்தில் விழும் நிழல் முழுவதும் மாறும். மேலே போட்ட லேயர்கள் எல்லாம் பழைய கோட்டுக்கு ஏற்ப வரையப்பட்டவை. எனவே மூன்றாம் கட்டத்தில் கேட்கும் ‘சின்ன மாற்றம்’ இரண்டு கட்டங்களைத் திரும்பச் செய்யவைக்கும்.

இதனால் நல்ல மின்னஞ்சல், சுற்றுகளின் எண்ணிக்கையைவிட எந்த முடிவு எங்கே மூடப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லும். “ஸ்கெட்ச்சில் ஒரு சுற்று: நிற்கும் விதம், சாயல், யார் யார் இருக்க வேண்டும் என்பவை. வண்ணத்தில் ஒரு சுற்று: உடை, நகை, நிறம். ஸ்கெட்ச்சுக்குச் சம்மதம் சொன்னபின் உருவங்களின் அமைப்பை மாற்றுவது புதிய வேலையாகக் கணக்கிடப்படும். என் கவனக்குறைவால் வந்த பிழை எதுவாக இருந்தாலும், எந்தக் கட்டத்திலும் கட்டணமின்றிச் சரிசெய்வேன்.” கடைசி வாக்கியம் தவறாமல் இருக்க வேண்டும். தந்தையின் கண்ணாடியை வரைய மறந்ததும், புதிய கண்ணாடியை மாட்டச் சொல்வதும் ஒன்றல்ல. முன்னது பிழை, பின்னது திருத்தம்.

ஒரு சுற்று என்றால் ஒரே பட்டியல் என்பதையும் எழுத வேண்டும். காலையில் மகள் ஒன்று சொல்வார், மதியம் மாமா ஒன்று, இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்கு எதிரான மூன்றாவது கருத்து வரும். “எல்லோரிடமும் கேட்டு, ஒருவர் மட்டும் ஒரே கடிதமாக அனுப்புங்கள், 5 நாளுக்குள் பதில் வேண்டும்” என்ற வரி இல்லாத ஆர்டர்கள்தான் மாதக்கணக்கில் இழுக்கின்றன. கருத்தும் குறிப்பாக இருக்க வேண்டும். ‘ஏதோ குறையுது’ என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘அப்பாவின் தாடை இவ்வளவு கூராக இருக்காது, இரண்டாவது படத்தைப் பாருங்கள்’ என்றால் உடனே கை வைக்கலாம்.

விலை இப்போதுதான் வர வேண்டும். மேலே சொன்னவற்றின் விளைவுதான் அது. ஓவியருக்கு ஓவியர், பாணிக்குப் பாணி தொகை மாறும் என்பதால் கீழே வரும் எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. மார்பளவில் ஒருவருக்கு 1,800 ரூபாய், கூடுதலாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் 1,400. முழு உருவம் என்றால் ஆளுக்கு 600 கூடுதல். ஒற்றை நிறப் பின்னணி இதில் அடங்கும். வீடு, கோயில் போன்ற விரிவான பின்னணிக்கு 1,200. அளவைத் தாண்டும் ஒவ்வொரு திருத்தச் சுற்றுக்கும் 400.

மகளின் ஆர்டருக்கு 1,800, 1,400, இருவருக்கும் முழு உருவத்துக்கு 1,200, வீட்டு வாசலுக்கு 1,200, மொத்தம் 5,600. பாதித் தொகை 2,800 முன்பணம். ஸ்கெட்ச்சில் தந்தையின் தாடை திருத்தப்பட்டு, சம்மதமும் கிடைத்துவிடுகிறது. வண்ணம் போட்டபின் அண்ணன் பார்த்துவிட்டு, தன் குழந்தையும் பாட்டி கையைப் பிடித்தபடி நிற்கட்டும் என்கிறார். முழு உருவமாக ஒருவர் கூடுவதற்கு 2,000. பாட்டியின் கை, முந்தானை, வாசற்படி ஆகியவற்றைத் திரும்ப வரைவதற்கு 800. மொத்தம் 8,400 ஆகிறது. ஸ்கெட்ச் கட்டத்திலேயே சொல்லியிருந்தால் இந்த 800 தேவைப்பட்டிருக்காது. மின்னஞ்சலில் இது முன்பே எழுதப்பட்டிருந்தால் அண்ணன் பணம் கட்டுவார், அல்லது வேண்டாம் என்பார், சண்டை வராது.

அச்சு அளவையும் விலையோடு சேர்த்தே கேட்டுவிட வேண்டும். அச்சுக்கு வழக்கமாகக் கொள்ளும் அளவு, அங்குலத்துக்கு 300 பிக்சல். 12க்கு 18 அங்குலச் சட்டம் என்றால் 3600க்கு 5400 பிக்சல் கேன்வாஸில் வேலையைத் தொடங்க வேண்டும். போன் திரைக்கென வரைந்த படத்தைப் பிறகு அந்த அளவுக்கு இழுத்தால் கோடுகள் மங்கிவிடும்.

உரிமை பற்றி ஒரு பத்தி பெரும்பாலான கடிதங்களில் விடுபட்டுப்போகிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டதன்பேரில் வரையப்படும் உருவப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, கேட்டவரே முதல் பதிப்புரிமையாளர். படைத்தவரிடமே உரிமை இருக்கும் என்ற பொது விதிக்கு இது விலக்கு. பல ஓவியர்களுக்குத் தெரியாதது. படத்தைத் தன் மாதிரித் தொகுப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ காட்ட விரும்பும் ஓவியர், அந்த அனுமதியை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். குழந்தைகள் இருக்கும் படங்களுக்குப் பலர் மறுப்பார்கள். அதற்காக விலையைக் கூட்டுவது முறையல்ல.

மீதிப் பணம் வந்தபின் முழு அளவுக் கோப்பு அனுப்பப்படும் என்பதும், அதுவரை காட்டப்படுபவை சிறிய அளவில் வாட்டர்மார்க்குடன் இருக்கும் என்பதும் கடைசி வரிகளில் வரும். ஆர்டரை ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதையும் கட்டங்களை வைத்தே சொல்லிவிடலாம்: ஸ்கெட்ச் தொடங்கும் முன் முன்பணம் முழுவதும் திரும்பும், ஸ்கெட்ச் அனுப்பியபின் அதில் பாதி திரும்பும், வண்ணம் தொடங்கிவிட்டால் திரும்பாது.