செறிவு மட்டும் போதாது: செல்லுக்குள் நீர் போகும் கணக்கு

ஒரு பாத்திரத்தில் 0.1 மோலார் சர்க்கரைக் கரைசல் இருக்கிறது. அதில் ஒரு தாவர செல்லைப் போடுகிறோம். செல்லுக்குள் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவு 0.3 மோலார், வெளியே இருப்பதைப் போல மூன்று மடங்கு. நீர் எந்தப் பக்கம் போகும்?

செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு என்று சவ்வூடு பரவலைப் படித்தவர்கள் "செல்லுக்குள்" என்பார்கள். செல் துவண்டு கிடந்தால் அந்த விடை சரி. ஏற்கெனவே நீர் குடித்து விறைத்திருந்தால், நீர் வெளியேதான் வரும். காரணம், தாவர செல்லைச் சுற்றி இருக்கும் சுவர். உள்ளே நுழையும் நீர் சுவரை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. சுவர் அதே அளவுக்குத் திருப்பி அழுத்துகிறது. செறிவை மட்டும் பார்ப்பவர் இந்த அழுத்தத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நீரியல் திறன். 1960இல் ஸ்லேட்டியரும் டெய்லரும் முன்வைத்த இந்த முறையில், கரைபொருள் திறனையும் அழுத்தத் திறனையும் கூட்டினால் போதும்:

ψ = ψs + ψp

தூய நீரின் மதிப்பு பூஜ்யம். எதையாவது கரைத்தால் ψs பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். சுவரின் அழுத்தம் ψp அதை மேலே ஏற்றும். நீர் எப்போதும் ψ கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே போகும். –0.15 என்பது –0.25ஐ விடக் கூடுதல் என்பதை மறந்துவிட்டால் விடை தலைகீழாகிவிடும். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

கரைபொருள் திறனுக்கு ஒரு சூத்திரம் உண்டு: ψs = –iCRT. C என்பது மோலார் செறிவு, R என்பது 0.00831, T என்பது கெல்வின் வெப்பநிலை. கரையும்போது ஒரு மூலக்கூறு எத்தனை துகளாகிறது என்பது i. நம் ஊர் அறை வெப்பத்தை 27 டிகிரி, அதாவது 300 கெல்வின் என்று கொண்டால் RT ஏறக்குறைய 2.5. ஆகவே 0.1 மோலார் சர்க்கரைக்கு –0.25 மெகாபாஸ்கல், 0.3 மோலாருக்கு –0.75.

இனி நம் செல்லுக்கு வருவோம். அது துவண்டிருந்தால் ψp பூஜ்யம்; எனவே ψ = –0.75. வெளியே –0.25. நீர் உள்ளே போகும். உள்ளே போகப் போக அழுத்தம் ஏறி, இரு பக்கமும் –0.25 ஆனதும் நீரின் நிகர ஓட்டம் நிற்கும். அப்போது ψp = –0.25 + 0.75 = 0.5. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! நீர் சேர்ந்ததால் உள்ளே செறிவு சற்றுக் குறைந்திருக்கும். சுவர் அதிகம் விரியாது என்பதால் அதை விட்டுவிட்டோம்.

அதே செல் முன்பே 0.6 அழுத்தத்தோடு விறைத்திருந்தால்? ψ = –0.75 + 0.6 = –0.15. இது வெளியே உள்ள –0.25ஐ விடக் கூடுதல். உள்ளே மூன்று மடங்கு செறிவு இருந்தும், அழுத்தம் 0.5க்கு இறங்கும்வரை நீர் வெளியேறும்.

இப்போது செல்லை 0.4 மோலார் கரைசலுக்கு மாற்றுவோம். அதன் ψ = –1.0. செல்லின் அழுத்தம் பூஜ்யமான பிறகும் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். உள்ளிருக்கும் பகுதி, ψs –1.0 ஆகும்வரை, துவண்ட நிலையில் இருந்த பருமனில் முக்கால் பங்காகச் சுருங்கிச் சுவரைவிட்டு விலகிவிடும். இதுதான் பிளாஸ்மா சிதைவு.

இந்த –1.0ஐ எட்ட ஒரு லிட்டருக்குச் சுமார் 137 கிராம் சர்க்கரை வேண்டும். சமையல் உப்பென்றால் 12 கிராமே போதும். உப்பின் மூலக்கூறு எடை குறைவு. அதோடு கரையும்போது அது இரண்டு அயனிகளாகப் பிரிவதால் i ஏறக்குறைய 2. உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உருளைக்கிழங்கு இருந்தால் நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரே அளவுத் துண்டுகளை எடைபோட்டு, வெவ்வேறு சர்க்கரைக் கரைசல்களில் சில மணி நேரம் ஊறவிட்டு, ஒற்றியெடுத்து மறுபடி எடைபோடுங்கள். 0.2 மோலாரில் எடை 4 சதவீதம் கூடி, 0.3இல் 4 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். எடை மாறாத இடம் 0.25 மோலார், அதன் ψ சுமார் –0.62. கிழங்குச் சாற்றின் செறிவே 0.25 என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. கிடைத்திருப்பது ψs, ψp இரண்டின் கூட்டுத்தொகை. ψs மட்டும் வேண்டுமென்றால், ரியோ போன்ற ஊதா இலையின் தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்த்து, பாதி செல்கள் சுவரைவிட்டு விலகத் தொடங்கும் கரைசலைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே அழுத்தம் பூஜ்யம் என்பதால், அந்தக் கரைசலின் ψ மதிப்பே செல்லின் ψs.